குல், யகூலு, லம் யகுல்: நடுவிலிருந்த வாவ் எங்கே போகிறது?

கேள்வி: ரியாத்தில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் அரபு படிக்கிறேன். ‘கால’ என்றால் சொன்னான், ‘யகூலு’ என்றால் சொல்கிறான். இதுவரை சரி. ஆனால் சொன்னேன் என்பதற்கு ‘குல்து’, சொல்லவில்லை என்பதற்கு ‘லம் யகுல்’ என்கிறார்கள். ஓரிடத்தில் அலிஃப், ஓரிடத்தில் வாவ், இன்னோர் இடத்தில் ஒன்றுமே இல்லை. கடைசி எழுத்து வாவ், யாவாக இருக்கும் வினைகள் இன்னும் குழப்புகின்றன. அட்டவணை அட்டவணையாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்:

ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துவிட்டால் மற்ற அட்டவணைகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதற்கு நம் தமிழிலிருந்தே தொடங்குவது நல்லது.

பள்ளியில் உடம்படுமெய் படித்திருப்பீர்கள். மணி + அடித்தது என்றால் மணியடித்தது. திரு + ஆரூர் என்றால் திருவாரூர். இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளும்போது நடுவில் ய் அல்லது வ் வந்து சேர்த்துவைக்கிறது. வேறு மெய் வராமல் இந்த இரண்டும் வருவதற்குக் காரணம், இவை உயிருக்கு மிக அருகில் இருக்கும் மெய்கள் என்பதுதான். இகரத்தை இறுக்கினால் ய், உகரத்தை இறுக்கினால் வ். அரபிலும் இந்த உறவு உண்டு, ஆனால் நடப்பது தலைகீழ். தமிழ் இரண்டு உயிருக்கு நடுவே ய், வ் கொண்டுவருகிறது. அரபு, இரண்டு உயிருக்கு நடுவே ஏற்கெனவே இருக்கும் யாவையும் வாவையும் பல இடங்களில் கரைத்துவிடுகிறது. இந்த இரண்டு எழுத்துகளையும் அலிஃபையும் சேர்த்து மதரஸாக்களில் ஹர்ஃபுல் இல்லத் என்பார்கள். இல்லத் என்றால் நோய். நோஞ்சான் எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரபு வினைக்குப் பெரும்பாலும் மூன்று வேரெழுத்துகள். நடு எழுத்து வாவோ யாவோ ஆக இருந்தால் அந்த வினைக்கு அஜ்வஃப் என்று பெயர், உள்ளே குழிந்தது என்று பொருள். கடைசி எழுத்து அப்படி இருந்தால் நாகிஸ், குறையுடையது. இரண்டையும் மூன்று பழக்கங்கள் ஆட்டிவைக்கின்றன.

முதல் பழக்கம்: வாவுக்கோ யாவுக்கோ முன்னால் அகரம் இருந்து, அதற்கும் சொந்தமாக ஓர் உயிர் இருந்தால், அது அலிஃபாகக் கரைந்து ஆகாரம் ஆகிவிடும். இரண்டாவது: நெடிலை அடுத்துப் புள்ளி வைத்த மெய் வந்தால் நெடில் குறிலாகிவிடும். மூன்றாவது: வாவின் மேலோ யாவின் மேலோ உகரமும் இகரமும் பாரம். அந்த உயிர் முந்தைய எழுத்துக்கு நகரும், அல்லது விழுந்துவிடும்.

இரண்டாவதைத்தான் தமிழர்களான நாம் கவனிக்கத் தவறுகிறோம். நமக்குக் கால், பால், வீடு கட்டும் ஊர் எல்லாம் இயல்பான சொற்கள், நெடிலுக்குப் பின் புள்ளி மெய் வந்தால் நாக்கு தயங்காது. அரபு இலக்கண வடிவத்தில் அது ஆகாது. ஃபாத்திஹா முடிவில் வரும் ‘ளால்லீன்’ போல நெடிலுக்குப் பின் எழுத்து இரட்டிக்கும் இடமும், ஓதி நிறுத்தும் இடமும்தான் விலக்கு. ‘லம் யகூல்’ என்று நம் ஆட்கள் எழுதுவது இதனால்தான். காதுக்குத் தவறாகப் படாது.

இப்போது உங்கள் ‘கால’வை எடுத்துக்கொள்வோம். வேர் காஃப், வாவ், லாம். மற்ற வினைகளின் அச்சில் வார்த்தால் ‘கவல’ என்று வந்திருக்க வேண்டும். வாவுக்கு முன் அகரம், வாவிலும் அகரம். முதல் பழக்கப்படி ‘கால’ ஆயிற்று.

இறந்தகாலத்துக்கு 14 ஸீகா உண்டு. அவன், அவர்கள் இருவர், அவர்கள் பலர், அவள், அவ்விரு பெண்கள் என்று முதல் ஐந்தும் கால, காலா, காலூ, காலத், காலதா. ஐந்திலும் லாமுக்கு உயிர் இருக்கிறது, அதனால் நெடிலுக்கு ஆபத்து இல்லை. ஆறாவது, அவர்கள் பல பெண்கள். அங்கே ‘ன’ என்ற விகுதி சேர்வதால் லாமுக்குப் புள்ளி வந்துவிடுகிறது. ‘கால்ன’ என்று நிற்க முடியாது. ‘குல்ன’ ஆகிறது. அங்கிருந்து 14ஆவது வரை எல்லா விகுதிகளும் லாமைப் புள்ளி மெய்யாக்குகின்றன: குல்த, குல்தும், குல்தி, குல்து, குல்னா. முதல் ஐந்தில் நெடில், பிறகு ஒன்பதில் குறில். இந்த வெட்டு எந்த அஜ்வஃப் வினைக்கும் இதே இடத்தில்தான் விழும்.

சரி, ஆகாரம் குறுகினால் அகரம்தானே வரவேண்டும், ‘கல்து’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடு எழுத்து போகும்போது தன் அடையாளத்தை முதல் எழுத்தில் விட்டுவிட்டுப் போகிறது. போனது வாவ் என்றால் உகரம்: குல்து. போனது யா என்றால் இகரம்: ‘ஸார’, நடந்து சென்றான், அதற்கு ‘ஸிர்து’, நடந்து சென்றேன். அதனால் நிகழ்காலத்தில் ‘யகூலு’வா ‘யகீலு’வா என்ற சந்தேகம் வந்தால் தன்மை ஒருமையைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. ‘நாம’, தூங்கினான். வேரில் இருப்பது வாவ். தூக்கத்துக்கு ‘நவ்ம்’ என்பார்கள், ஃபஜ்ர் பாங்கில் தினமும் கேட்கும் சொல். ஆனாலும் தூங்கினேன் என்பது ‘நிம்து’. இதன் அடிப்படை அச்சு ‘நவிம’, நடுவில் இகரம். இங்கே எழுத்தின் அடையாளம் நிற்கவில்லை, அந்த எழுத்தின் மேலிருந்த இகரத்தின் அடையாளம் நிற்கிறது. நிகழ்காலம் ‘யனாமு’, ஆகாரத்தோடு. ஆக கால-யகூலு-குல்து, ஸார-யஸீரு-ஸிர்து, நாம-யனாமு-நிம்து என்று மூன்று குடும்பங்கள். இந்த மூன்று வரிகளை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். புதிய அஜ்வஃப் வினை எது வந்தாலும் இவற்றில் ஒன்றின் கீழ் வைத்துவிடலாம்.

இறந்தான் என்னும் ‘மாத’, கால, நாம என்ற இரண்டு குடும்பத்திலும் கால் வைத்திருக்கிறது. நாம் ஓதும் ஹஃப்ஸ் ஓதலில் மர்யம் சூராவின் 23ஆவது வசனத்தில் ‘மித்து’ என்று இகரம், ஆல இம்ரானின் 157ஆவது வசனத்தில் ‘முத்தும்’ என்று உகரம். ஓதும்போது இதைக் கவனித்துத் திகைத்தவர்கள் பலர். அச்சுப் பிழை இல்லை, இரண்டும் அரபு வழக்கு.

நிகழ்காலத்துக்கு வருவோம். அச்சுப்படி ‘யக்வுலு’. வாவின் மேல் உகரம் பாரம், அது முந்தைய காஃபுக்கு நகர்கிறது, வாவ் அதோடு சேர்ந்து ஊகாரமாகிறது: யகூலு. இங்கே 14 ஸீகாவில் இரண்டில் மட்டும் லாமுக்குப் புள்ளி, அவர்கள் பல பெண்களும் நீங்கள் பல பெண்களும். அங்கே யகுல்ன, தகுல்ன. மற்ற பன்னிரண்டிலும் நெடில் அப்படியே இருக்கும்.

‘லம்’ முன்னால் வந்தால் வினையின் கடைசி உகரம் விழும். யகூலு என்பதில் லாம் புள்ளி மெய்யாகிறது. உடனே நெடில் குறுகி ‘லம் யகுல்’. இங்கே ‘லம்’ நேராக வாவை எடுக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எடுத்தது கடைசி உயிரை. வாவ் போனது அதன் பின்விளைவு. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் பன்மை புரியும். ‘யகூலூன’ என்பதில் ‘லம்’ எடுப்பது கடைசி நூனை. லாமுக்கு உயிர் அப்படியே இருக்கிறது. அதனால் ‘லம் யகூலூ’, வாவ் பத்திரம். கட்டளையும் இதே வழி: ஒருவனிடம் ‘குல்’, பலரிடம் ‘கூலூ’, பெண்ணிடம் ‘கூலீ’.

அன்கபூத் சூராவின் 20ஆவது வசனம் ‘குல் ஸீரூ ஃபில் அர்ளி’ என்று தொடங்குகிறது. நீர் சொல்லும், பூமியில் நடந்து செல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு அஜ்வஃப் கட்டளைகள். முதலாவது ஒருவருக்கு, கடைசி எழுத்தில் புள்ளி, குறில். இரண்டாவது பலருக்கு, கடைசி எழுத்தில் உயிர், நெடில். இந்த விதியை விளக்க இதைவிடக் குறுகிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. தாஹா சூராவின் 44ஆவது வசனத்தில் மூஸாவுக்கும் ஹாரூனுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் ‘கூலா’வையும் இதோடு வைத்துப் பாருங்கள். இருவர் ஆனதும் வாவ் திரும்பிவிடுகிறது.

ரியாத்தில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெருவில் நீங்கள் கேட்பது ‘ரூஹ்’, ‘ஷூஃப்’, ‘கூம்’ என்ற நெடில்தான். போ, பார், எழுந்திரு. பேச்சு அரபில் சொல்லின் கடைசியில் நெடிலும் புள்ளி மெய்யும் சேர்ந்து வரத் தடை இல்லை, நம் தமிழைப் போலவே. எழுத்து அரபில் இவை ‘ருஹ்’, ‘கும்’. பேச்சு காதில் ஊறியவர்கள் தேர்வில் வாவ் போட்டு எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். பேச்சு தவறு என்று நான் சொல்லவில்லை, அதன் விதி வேறு.

அப்புறம் உங்கள் பர்ஸில் இருக்கும் இகாமா. அதுவும் ஓர் அஜ்வஃப் வினையின் பெயர்ச்சொல்தான். ‘அகாம’, தங்கினான், நிலைநிறுத்தினான். வேர் காஃப், வாவ், மீம். அதன் பெயர்ச்சொல் அச்சுப்படி ‘இக்வாம்’. வாவின் உயிர் காஃபுக்கு நகர, வாவ் அலிஃபாக, இரண்டு அலிஃப்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒன்று போகிறது. போனதற்கு ஈடாகக் கடைசியில் வட்டத் தா ஒன்று சேர்கிறது: இகாமத். நிறுத்தினால் இகாமா. தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத்தும் இதே சொல்தான்.

இனி நாகிஸ். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள், காரணம் கண்ணுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. அஜ்வஃபில் ‘து’ சேர்ந்தால் நோஞ்சான் எழுத்து மறைகிறது: கால, குல்து. நாகிஸில் அதே ‘து’ சேர்ந்தால் மறைந்த எழுத்து வெளியே வருகிறது. ‘ரமா’, எறிந்தான். ‘ரமய்து’, எறிந்தேன். ‘தஆ’, அழைத்தான். ‘தஅவ்து’, அழைத்தேன். ஆனால் விதி மாறவில்லை, எழுத்து நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது. ‘து’ சேரும்போது புள்ளி விழுவது வேரின் கடைசி எழுத்தின் மேல். அஜ்வஃபில் கடைசி எழுத்து லாம், நடுவிலிருக்கும் நெடில் நசுங்குகிறது. நாகிஸில் அந்தக் கடைசி எழுத்தே யா. யாவுக்குப் புள்ளி, முன்னால் அகரம், ‘அய்’ என்று நிம்மதியாக நிற்கிறது. முதல் பழக்கம் வேலைசெய்ய யாவுக்குச் சொந்த உயிர் வேண்டும். அது இல்லை, எனவே கரைய வழியில்லை.

ரமாவை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘ரமய’ என்பதில் யாவுக்கு உயிர் இருக்கிறது, முன்னால் அகரம். கரைந்து ‘ரமா’. அவர்கள் இருவர் என்றால் ‘ரமயா’. இங்கே யா கரைந்தால் ஒருவனுக்கும் இருவருக்கும் ஒரே வடிவம் ஆகிவிடும் என்பதால் நிற்கிறது என்பது இலக்கண ஆசிரியர்கள் சொல்லும் காரணம். அவர்கள் பலர்: ரமய + ஊ. யா கரைந்து ஆகாரம், பிறகு ஊகாரம், இரண்டு நெடில்கள் ஒட்டி நிற்க முடியாது. ஆகாரம் குறுக, ‘ரமவ்’. அவள்: ரமய + த். யா கரைந்து ‘ரமாத்’. நெடிலுக்குப் பின் புள்ளி மெய், இரண்டாவது பழக்கம், ‘ரமத்’. ஆறாவதிலிருந்து ரமய்ன, ரமய்த, ரமய்து என்று யா அப்படியே நிற்கும்.

ஐந்தாவதை வேண்டுமென்றே விட்டேன். அவ்விரு பெண்கள் எறிந்தார்கள் என்பதற்கு ‘ரமதா’. தாவுக்கு ஆகாரம் இருக்கிறதே, அப்படியானால் நெடில் திரும்பி ‘ரமாதா’ ஆகியிருக்க வேண்டாமா? இல்லை. அந்தத் தா பிறவியில் புள்ளி மெய். அடுத்து அலிஃப் வந்ததால் இரவலாக ஓர் உயிர் பெற்றது. இரவல் உயிரை அரபு கணக்கில் எடுப்பதில்லை. பய்யினா சூராவின் தொடக்கம் ‘லம் யகுனில்லதீன’. யகுன் என்பதன் கடைசி நூன் இங்கே ‘னி’ ஆகிவிட்டது. ஆனாலும் ‘யகூனி’ என்று வாவ் திரும்பவில்லை. அடுத்த சொல்லோடு ஒட்டுவதற்காக வந்த இகரம் அது, நிறுத்தினால் போய்விடும். ஆனால் ‘யகூலூ’வில் லாமுக்கு இருக்கும் ஊகாரம் ‘அவர்கள்’ என்ற எழுவாய், அது சொந்த உயிர். நெடில் திரும்புமா என்று சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் அந்த உயிர் சொந்தமா இரவலா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லா நாகிஸும் ‘ஆ’ என்று முடியாது. ‘நஸிய’, மறந்தான். இங்கே யாவுக்கு முன் இகரம், அகரம் இல்லை, அதனால் முதல் பழக்கம் வேலை செய்யாது. அவள் மறந்தாள் என்பது ‘நஸியத்’, யா போகவில்லை. மறந்தேன் ‘நஸீது’. பன்மையில் மட்டும் யா விழுந்து ‘நஸூ’.

நிகழ்காலத்தில் யர்மியு என்பது யாவின் மேல் உகரம் தாங்காமல் ‘யர்மீ’ ஆகிறது. யத்உவு என்பது ‘யத்ஊ’. நஸியவுக்கு ‘யன்ஸா’. இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘யத்ஊன’ என்றால் என்ன? ஆண்கள் பலர் அழைக்கிறார்கள் என்றும் பொருள், பெண்கள் பலர் அழைக்கிறார்கள் என்றும் பொருள். எழுத்தில் ஒரு வேறுபாடும் இல்லை. ஆனால் உள்ளே கட்டுமானம் வேறு. ஆண்களுக்கான வடிவத்தில் வேரின் வாவ் விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் வாவ் ‘அவர்கள்’ என்னும் விகுதி. கடைசி நூன் ‘லம்’, ‘அன்’ வந்தால் உதிரும் நூன். பெண்களுக்கான வடிவத்தில் தெரியும் வாவ் வேரின் சொந்த வாவ். நூன்தான் பெண்கள். அது எழுவாய், எது வந்தாலும் உதிராது.

பகரா சூராவின் 237ஆவது வசனம் இதற்குச் சரியான சோதனை. தாம்பத்தியம் தொடங்கும் முன்பே மணவிலக்கு நடந்தால், பேசிய மஹரில் பாதி தரவேண்டும் என்று சொல்லிவிட்டு, ‘இல்லா அன் யஅஃபூன அவ் யஅஃபுவல்லதீ பியதிஹி உக்ததுன் நிகாஹ்’ என்று தொடர்கிறது. ‘அன்’ வந்திருக்கிறது, ஆண்கள் என்றால் நூன் உதிர்ந்து ‘அன் யஅஃபூ’ என்றாகியிருக்கும். நூன் நிற்கிறது. எனவே விட்டுக்கொடுப்பவர்கள் பெண்கள். அதாவது அந்த மனைவியர் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால் தவிர என்று பொருள். யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற சட்டக் கேள்விக்கு ஒரு நூன் பதில் சொல்கிறது. அடுத்து வரும் ‘யஅஃபுவ’ ஒருமை. அதே ‘அன்’னின் ஆட்சியில் வாவின் மேல் அகரம் வெளியே தெரிகிறது. அகரம் பாரமில்லை, அதனால் வாவ் அதைத் தாங்குகிறது. யர்மீக்கும் அப்படித்தான், ‘அன்’ போலவே ஆளும் ‘லன்’ முன்னால் வந்தால் ‘லன் யர்மிய’. யன்ஸாவில் மட்டும் அலிஃப் எந்த உயிரையும் ஏற்காது, ‘லன் யன்ஸா’ என்றே இருக்கும்.

‘தர்மீன’ என்பதிலும் இதே சிக்கல், நீ (பெண்) எறிகிறாய், நீங்கள் (பெண்கள்) எறிகிறீர்கள் இரண்டுக்கும் அதுவே. ‘லம்’ போட்டுப் பாருங்கள். ஒருமை ‘லம் தர்மீ’, பன்மை ‘லம் தர்மீன’.

‘லம்’ வரும்போது அஜ்வஃபுக்கும் நாகிஸுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு வெளிப்படும். யகூலுவில் ‘லம்’ பறிக்க ஒரு கடைசி உயிர் இருந்தது. யர்மீயில் அப்படி ஒன்று இல்லை, ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதனால் ‘லம்’ நேராக எழுத்தையே எடுத்துக்கொள்கிறது: லம் யர்மி, லம் யத்உ, லம் யன்ஸ. கடைசியில் நிற்கும் குறிலைப் பார்த்தால் போனது எது என்று தெரியும். இகரம் என்றால் யா, உகரம் என்றால் வாவ், அகரம் என்றால் அலிஃப். ஃபீல் சூராவில் இரண்டு நிலையும் இருக்கிறது. முதல் வசனத்தில் ‘அலம் தர’, நீர் பார்க்கவில்லையா, ‘தரா’வின் அலிஃப் ‘லம்’மால் போயிற்று. நான்காவது வசனத்தில் ‘தர்மீஹிம்’, ‘லம்’ இல்லை, யா இருக்கிறது. ஃபாத்திஹாவில் ‘இஹ்தினா’ என்பதும் இதே வகை. ‘யஹ்தீ’யின் கட்டளை ‘இஹ்தி’, யா போய்விட்டது. பின்னால் இருக்கும் ‘னா’ எங்களுக்கு. ‘இஹ்தீனா’ என்று நீட்டி ஓதினால் போன யாவைத் திரும்பக் கொண்டுவந்ததாகிவிடும்.

அகராதியில் தேடும்போது இதை எப்படிப் பயன்படுத்துவது? ‘லம்’முக்குப் பின் வேரெழுத்து இரண்டுதான் தெரிகிறது என்றால் கடைசி எழுத்தைப் பாருங்கள். அதில் குறில் இருந்தால் போனது கடைசி எழுத்து, நாகிஸ். புள்ளி இருந்தால் பெரும்பாலும் நடு எழுத்து. ஆனால் ‘லம் யஸிர்’, ‘லம் யலித்’ இரண்டையும் பக்கத்தில் வையுங்கள், அச்சு ஒன்றே. முதலாவதில் போனது நடுவிலிருந்த யா. இரண்டாவதில், இக்லாஸ் சூராவில் வருவது, போனது முதலெழுத்தான வாவ். வேர் வாவ், லாம், தால். இரண்டு எழுத்துக்கு நடுவில் இகரம் இருக்கும்போது வடிவம் மட்டும் பதில் சொல்லாது, அகராதியில் இரண்டு இடத்திலும் தேடத்தான் வேண்டும்.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சொல் என்பதும் ‘குல்’, தின் என்பதும் ‘குல்’. அரபில் முதலாவதுக்கு அடித்தொண்டை காஃப், இரண்டாவதுக்கு மென்மையான காஃப். பன்மையாக்கினால் தமிழிலேயே பிரிந்துவிடும். சொல்லுங்கள் ‘கூலூ’, தின்னுங்கள் ‘குலூ’. தின்பதற்கான வேரில் போனது முன்னால் இருந்த ஹம்ஸா. நடுவில் திரும்பிவர எதுவும் இல்லை.

இந்த விதிகள் எட்டாத வினைகளும் உண்டு. உடற்குறையைச் சொல்லும் ‘அவிர’, ஒரு கண் இழந்தான், ‘ஹவில’, மாறுகண் ஆனான், இரண்டிலும் வாவ் கரையாமல் நிற்கிறது. முஜாதலா சூராவின் 19ஆவது வசனத்தில் ‘இஸ்தஹ்வத’ என்று வருகிறது, விதிப்படி ‘இஸ்தஹாத’ ஆகியிருக்க வேண்டும். இவற்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான். அதே போல, நான் ‘கவல’, ‘ரமய’ என்று சொன்ன வடிவங்களை ஒரு காலத்தில் மக்கள் பேசினார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 10ஆம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் இப்னு ஜின்னி இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: ‘காம’வின் மூலம் ‘கவம’ என்பது கணக்குக்காகச் சொல்வது, அப்படிப் பேசிய காலம் ஒன்று இருந்தது என்பதற்காக அல்ல.

கடைசியாக, நாகிஸின் எழுவாய்ப் பெயர், செய்பவனைக் குறிக்கும் வடிவம். ‘களா’, தீர்ப்பளித்தான், அதிலிருந்து தீர்ப்பளிப்பவர். ‘அல்’ சேர்ந்தால் ‘அல்காளீ’. ‘அல்’ இல்லாமல் கடைசியில் நூன் ஒலி சேர்ந்தால் ‘காளீன்’ ஆகவேண்டும். நெடிலுக்குப் பின் புள்ளி மெய், மீண்டும் அதே இரண்டாவது பழக்கம், யா விழுந்து ‘காளின்’. செயப்படுபொருளாக வந்தால் அகரத்தைத் தாங்கிக்கொண்டு யா திரும்பும், ‘காளியன்’. அந்த நூன் ஒலி இல்லாத பாரசீகம், உருது வழியாக இந்தச் சொற்கள் நம்மிடம் வந்ததால் தமிழில் யா விழாமலே இருக்கிறது. காளீதான் நம் காஜி. ‘பகிய’, எஞ்சினான், அதிலிருந்து பாகீ, நாம் கடையில் கேட்கும் பாக்கி. ‘ரளிய’, இசைந்தான், அதிலிருந்து ராளீ, ராஜியாகப் போகிறோம் என்கிற ராஜி. ‘மளா’, கடந்தான், அதிலிருந்து மாளீ, உங்கள் வகுப்பில் இறந்தகாலத்துக்குச் சொல்லும் பெயரும் அதுதான், செய்தித்தாளில் வரும் மாஜி அமைச்சரின் மாஜியும் அதுதான்.